நாலு நிமிஷமும் ஒரு வருஷமும்

கேள்வி: சோலார் ஆர்க், செகண்டரி புரோகிரஷன் ஆகிய இரண்டு மேலை நாட்டு ஜோதிட முறைகளில் காலம் குறிக்க எது துல்லியம்? எது எந்த மாதிரி சம்பவத்தைக் காட்டும்? மகனுக்கு வேலை மாற்றம் எப்போது என்று பார்க்க வேண்டும். பிறந்தது சுமார் காலை ஆறரை மணி.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: துல்லியத்தைக் கேட்டுவிட்டு, கடைசியில் ‘சுமார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த சுமாரைத் தீர்க்காமல் உங்கள் கேள்விக்குப் பதில் கிடையாது.

செகண்டரி புரோகிரஷனில் பிறந்த பிறகு வரும் ஒவ்வொரு நாளும் வாழ்க்கையின் ஓராண்டுக்குச் சமம். இருபத்தாறு வயதுக்குப் பலன் பார்க்க, பிறந்த இருபத்தாறாம் நாளின் கிரக நிலையை எடுப்பார்கள். ஒவ்வொரு கிரகமும் அதனதன் வேகத்தில்தான் நகர்ந்திருக்கும். சோலார் ஆர்க்கில் அந்த இருபத்தாறு நாளில் சூரியன் எவ்வளவு நகர்ந்ததோ, அதே தூரத்தை எல்லாக் கிரகங்களுக்கும் லக்னத்துக்கும், பத்தாம் பாவம் தொடங்கும் புள்ளியான பத்தாம் பாவ முனைக்கும் கூட்டிவிடுவார்கள். 20-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் விட்டேயும் அவருக்குப் பின் ரைன்ஹோல்ட் எபர்ட்டினும் இதைப் பரப்பினார்கள்.

இப்போது சுமாருக்கு வருவோம். ஒரு நாள் ஓராண்டு என்றால், ஒரு மணி நேரம் பதினைந்து நாள். நாலு நிமிஷம் ஒரே ஒரு நாள். பிறந்த நேரத்தில் நாலு நிமிஷம் பிசகினால், புரோகிரஷனில் ஒரு கிரகம் இன்னொரு கிரகத்தைத் தொடும் தேதி ஒரு நாள்தான் தள்ளிப்போகும். ஆனால் பத்தாம் பாவ முனை நாலு நிமிஷத்துக்கு ஒரு பாகை ஓடுகிறது. சோலார் ஆர்க்கில் ஒரு பாகை ஏறக்குறைய ஒரு வருஷம். அதே நாலு நிமிஷம் அங்கே ஒரு வருஷத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். வேலை, பதவி எல்லாம் பார்ப்பது அந்தப் பத்தாம் முனையில்தான்.

எல்லோரும் காட்டும் ஜாதகம் ஒன்று உண்டு, எலிசபெத் ராணியுடையது. பிறப்பு 21 ஏப்ரல் 1926, லண்டன், அதிகாலை 2.40. கோடை நேரத்தைக் கழித்தால் கிரீன்விச் 1.40. மேலை நாட்டு சாயனக் கணக்கில் சூரியன் ரிஷபத்தில் 0 பாகை 12 கலை, சனி விருச்சிகத்தில் 24.26, அதாவது 24 பாகை 26 கலை, பத்தாம் முனை அதே விருச்சிகத்தில் 25.33. ஒரு பாகைக்கு 60 கலை. அப்படியானால் தாய் தந்தையைக் குறிக்கும் நான்காம் முனை எதிரே ரிஷபத்தில் 25.33. தந்தை ஆறாம் ஜார்ஜ் இறந்தது 6 பிப்ரவரி 1952. கென்யாவில் இருந்த மகள் அன்றே ராணி. வயது இருபத்தைந்தே முக்காலுக்குச் சற்று மேல்.

அந்த வயதுக்குச் சூரியன் நகர்ந்த தூரம் 25 பாகை. ரிஷபத்தில் 25.12-க்கு வந்து, நான்காம் முனைக்கு 21 கலை பக்கத்தில், சனிக்கும் பத்தாம் முனைக்கும் நேர் எதிரே நிற்கிறது. தந்தை மறைவு, அரியணை இரண்டும் ஒரே இடத்தில். பார்க்கிறவர் அசந்துபோவார். சோலார் ஆர்க் நூல்களை நம்பிப் பேசுகிறவர்கள் இதைத் தங்கள் முறையின் வெற்றி என்பார்கள்.

அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சூரியன் இரண்டு முறைக்கும் பொது. செகண்டரி சூரியனும் சோலார் ஆர்க் சூரியனும் எந்த ஜாதகத்திலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். அதை வைத்து ஒரு முறையை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்த வழியே இல்லை. வித்தியாசத்தைப் பார்க்க மற்ற கிரகங்களிடம் போக வேண்டும். இதே சனியை எடுங்கள். பிறக்கும்போது வக்கிரம். அந்த இருபத்தாறு நாளில் நிஜ வானத்தில் அது சுமார் 2 பாகை பின்வாங்கி விருச்சிகம் 22-ஐ ஒட்டி வந்தது. சோலார் ஆர்க்கிலோ 25 பாகை முன்னேறி தனுசு 19-ஐத் தாண்டிவிட்டது. ஒரே கிரகம், ஒரே வயது, ஒன்றுக்கொன்று எதிர்த் திசை. மெதுவான கிரகங்கள் செகண்டரியில் ஆயுள் முழுக்க நகர்ந்தாலும் சில பாகைதான். சோலார் ஆர்க்கில் அவை நகர்ந்து வந்து லக்னத்தையும் பத்தாம் முனையையும் முட்டுகின்றன. அதனால்தான் மரணம், பதவி, விபத்து, வீடு மாற்றம் என்று தேதி போடக்கூடிய வெளிச் சம்பவங்களுக்கு இந்த முறையைத் தேடுகிறார்கள்.

சரி, சூரியனை ஒதுக்கிவிட்டு சோலார் ஆர்க் தனியாக என்ன சொல்கிறது? யுரேனஸ் மீனத்தில் 27.21. அது 24 பாகை நகர்ந்தால் மேஷம் 21.23, மகரம் 21.23-இல் உள்ள லக்னத்துக்கு மிகச் சரியாக 90 பாகையில் நிற்கும். திடீர்த் திருப்பம் என்பார்கள். ஆனால் அது நேர்ந்தது 1951 தொடக்கத்தில், அரியணைக்கு ஒரு வருஷம் முன்பு. ஒரு பாகை முன்பின் விடலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள், அதற்குள் அடங்கிவிடும். அடங்கட்டும், ஆனால் அதைத் துல்லியம் என்று விற்கக் கூடாது. சூரியனே கூட நான்காம் முனையைச் சரியாகத் தொடுவது 1952 ஜூன் வாக்கில்தான். சனிக்கு நேர் எதிரே வந்தது 1951 வசந்தத்தில். சம்பவம் இரண்டுக்கும் இடையில் விழுந்தது. 2.40 என்பது முழுசாக்கிச் சொன்ன நேரமாக இருக்கலாம். ஒன்றரை நிமிஷம் மாறினால் அந்த ஜூன் நாலு மாதம் நகர்ந்துவிடும்.

செகண்டரியின் பலம் வேறு. அதில் வேகமாக ஓடுவது சந்திரன், ஒரு ராசிக்குச் சுமார் இரண்டேகால் வருஷம். அது புரோகிரஸ்டு சூரியனோடு சேரும் அமாவாசை ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு ஒரு தடவை வரும். ஒரு கட்டம் முடிந்து இன்னொன்று தொடங்கும் காலமாக அதைப் படிப்பார்கள். ராணி பிறந்த மூன்றாவது வாரத்தில், 1926 மே மாதம், வந்த அமாவாசை அவருக்கு 1947-ஐ ஒட்டி விழுகிறது. 21-ஆம் பிறந்த நாளில் கேப் டவுனிலிருந்து வானொலியில் வாழ்நாள் முழுக்கச் சேவை என்று உறுதி சொன்னதும், நவம்பரில் திருமணமும் அந்த வருஷம்தான். இது நாள் குறிக்காது, பருவத்தைக் குறிக்கும். வக்கிரமான புதன் நேர்கதிக்குத் திரும்பும் வயது, சுக்கிரன் ராசி மாறும் வயது இவற்றையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். இந்த அமாவாசைக்குப் பிறந்த நேரம் இரண்டு மணி நேரம் தவறியிருந்தாலும் ஒரு மாதம்தான் பிசகும்.

இன்னொரு பழைய சண்டை. ‘ஆண்டுக்கு ஒரு பாகை’ என்று குறுக்கு வழி சொல்லும் ஆட்களை விட்டு விலகுங்கள். ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் நாளுக்கு 61 கலை ஓடுகிறது, ஜூலைத் தொடக்கத்தில் 57 கலை. முப்பது வயதில் இருவருக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 2 பாகை, அதாவது இரண்டு வருஷம். ராணியின் நான்காம் முனைக்கே அந்தக் குறுக்கு வழியில் 1951 ஆகஸ்ட் வந்துவிடும். அப்புறம், நம் ஊர்க் கணக்குக்காகச் சாயன நிலையிலிருந்து கழிக்கும் அயனாம்சம் எது என்று கேட்டு எழுதாதீர்கள். இங்கே அளப்பது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம். இரண்டிலிருந்தும் ஒரே எண்ணைக் கழித்தால் தூரம் மாறாது.

உங்கள் மகனுக்கு: ஆறரை என்று போட்டு ஒரு பட்டியல், ஆறு இருபத்தாறு என்று போட்டு இன்னொன்று எடுங்கள். இரண்டிலும் ஏறத்தாழ அதே தேதியில் வரும் கிரகத்துக்குக் கிரகத் தொடர்புகளை மட்டும் இப்போதைக்கு வையுங்கள். லக்னம், பத்தாம் முனை வரும் வரிகள் ஒரு வருஷம் வரை நகர்ந்திருக்கும், அடித்துவிடுங்கள். பிறகு நடந்து முடிந்து, தேதி சந்தேகமில்லாமல் தெரிந்த சம்பவங்களை, முதல் வேலை, தாத்தா மறைவு, வீடு மாறியது என்று எழுதி, எந்த நிமிஷத்தில் அவை எல்லாம் ஒரே நேரத்தில் முனைகளோடு பொருந்துகின்றன என்று தேடுங்கள். ஒன்று பொருந்தினால் போதாது. ஏதாவது ஒன்று எந்த நிமிஷத்திலும் பொருந்தும். மூன்றும் ஒரே நிமிஷத்தில் விழாவிட்டால், வேலை மாற்றத்துக்கு யாரிடமும் தேதி வாங்காதீர்கள்.