மனப்பாட மாணவனும் 99 சதவீத மாடலும்: ஓவர்ஃபிட்டிங் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: ஓவர்ஃபிட்டிங் என்றாலே விடைகளை மனப்பாடம் செய்யும் மாணவனைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அந்த ஒப்பீடு எவ்வளவு தூரம் சரி?

பெரும்பாலும் சரிதான். பயிற்சித் தரவில் நன்றாகவும் புதிய தரவில் மோசமாகவும் மாடல் விடை சொல்வதுதான் ஓவர்ஃபிட்டிங். பழைய வினாத்தாள்களின் விடைகளை நெட்டுருப் போட்டவனிடம் அதே கேள்விகளைக் கேட்டால் நூற்றுக்கு நூறு வாங்குவான். வட்டிக் கணக்கில் 5 சதவீதத்தை 7 என்று மாற்றிக் கொடுங்கள், பழைய விடையையே எழுதிவைப்பான்.

இந்த ஒப்பீட்டில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. விடைக்குறிப்பில் அச்சுப்பிழை இருந்தால் அவன் அந்தப் பிழையையும் சேர்த்தே மனப்பாடம் செய்வான். பாடம் புரிந்தவன் அங்கே தடுக்கி நின்று, இது சரியில்லையே என்று யோசிப்பான். மாடலும் இப்படித்தான். தரவைக் கேள்வி கேள்வியாகக் கிளை பிரித்துக்கொண்டே போகும் டிசிஷன் ட்ரீ என்ற மாடல், தவறாக லேபிள் இடப்பட்ட ஒரே ஒரு வரிசைக்காகத் தனிக் கிளையே விடும். அந்தக் கிளை புதிய தரவில் நல்ல வரிசைகளையும் பிடித்துத் தவறான பக்கம் தள்ளும்.

ஒப்பீடு பொருந்தாத இடமும் உண்டு. தான் மனப்பாடம்தான் செய்கிறோம் என்று மாணவனுக்குத் தெரியும். மாடலுக்குத் தெரிய வழியில்லை. பயிற்சிப் பிழையைக் குறை என்பதுதான் அதற்கு இட்ட வேலை. புரிந்து குறைத்தாலும் உருப்போட்டுக் குறைத்தாலும் பயிற்சியில் மதிப்பெண் ஒன்றே.

கேள்வி: என் மாடல் 97 சதவீதம் தருகிறது. நல்ல மாடலா?

எந்தத் தரவில் 97? பயிற்சித் தரவிலா, டெஸ்ட் தரவிலா? எத்தனை வகுப்புகள்? பெரிய வகுப்பு மொத்தத்தில் எவ்வளவு? ஒன்றுமே எழுதவில்லை. தரவில் 97 சதவீதம் ஒரே வகுப்பாக இருந்தால், எதைக் காட்டினாலும் அந்த வகுப்பையே சொல்லும் ஒற்றை வரி நிரலும் 97 வாங்கும். விவரங்களோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: டிசிஷன் ட்ரீ பயிற்சித் தரவில் சரியாக 100 காட்டுகிறது. மகிழ்வதா, பயப்படுவதா?

இரண்டும் வேண்டாம். ஆழத்துக்கு வரம்பு வைக்காவிட்டால் ட்ரீ 100 வரை போகத்தான் செய்யும். அச்சு அசலாக ஒன்றேயான இரண்டு வரிசைகளுக்கு வெவ்வேறு லேபிள் இருந்தால் மட்டுமே அது தடைபடும். `max_depth`, `min_samples_leaf` இரண்டையும் மாற்றிப் பாருங்கள். பயிற்சி மதிப்பெண் இறங்கும்போது, பயிற்சியில் சேர்க்காமல் சரிபார்க்க ஒதுக்கிய வேலிடேஷன் தரவின் மதிப்பெண் ஏறினால், நீங்கள் வெட்டியது மனப்பாடத்தை.

கேள்வி: பயிற்சியில் 96, டெஸ்டில் 95. ஆயிரக்கணக்கான நெஞ்சு எக்ஸ்ரே படங்களை 80:20 என்று கலைத்துப் பிரித்தேன். வேறொரு மருத்துவமனையின் படங்களைக் கொடுத்ததும் 70க்கு வந்துவிட்டது. இடைவெளி ஒரு சதவீதம்தானே, இது எப்படி ஓவர்ஃபிட்டிங் ஆகும்?

இந்தக் கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. எத்தனை முறை எழுதினாலும் தரவைக் கண்ணை மூடிக்கொண்டு கலைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

எத்தனை படங்கள் என்று எழுதினீர்கள், எத்தனை நோயாளிகள் என்று எழுதவில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது. 2017இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் வெளியிட்ட ChestX-ray14 தொகுப்பையே பாருங்கள். படங்கள் சுமார் 1,12,000. நோயாளிகள் ஏறத்தாழ 30,000. ஒருவருக்கே பல படங்கள்.

ஒருவருக்கு நான்கு படங்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்று டெஸ்டுக்குள் போய்விட்டது. மற்ற மூன்றில் ஒவ்வொன்றும் டெஸ்டுக்குப் போக வாய்ப்பு ஐந்தில் ஒன்று. மூன்றுமே போக வாய்ப்பு 0.2 × 0.2 × 0.2, அதாவது 0.008. ஒரு சதவீதம்கூட இல்லை. அப்படியானால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை, டெஸ்டில் இருக்கும் ஆளின் இன்னொரு படத்தை மாடல் பயிற்சியிலேயே பார்த்திருக்கும். விலா எலும்பின் அமைப்பு, இதயத்தில் பொருத்திய கருவியின் கம்பி, பழைய அறுவையின் தடம் என்று ஆளை அடையாளம் காட்டப் படத்தில் நிறைய உண்டு. சில நாள் இடைவெளியில் எடுத்த படங்களில் நோய் பெரும்பாலும் மாறாது. ஆளைத் தெரிந்தால் விடை தெரிந்தது.

நம் மாணவனுக்கு வினாத்தாள் முன்கூட்டியே கிடைத்துவிட்டது என்று பொருள். வினாத்தாள் கசிந்த தேர்வில், படித்தவனுக்கும் உருப்போட்டவனுக்கும் உள்ள இடைவெளி மதிப்பெண்ணில் தெரியாது. பயிற்சிக்கும் டெஸ்டுக்கும் உள்ள இடைவெளியை வைத்து ஓவர்ஃபிட்டிங்கைக் கண்டுபிடிக்கலாம் என்ற விதி, டெஸ்ட் உண்மையிலேயே புதிதாக இருந்தால்தான் செல்லும்.

படத்தைப் பிரிக்காதீர்கள், ஆளைப் பிரியுங்கள்:

```python
from sklearn.model_selection import GroupShuffleSplit

gss = GroupShuffleSplit(n_splits=1, test_size=0.2, random_state=7)
train_i, test_i = next(gss.split(X, y, groups=patient_id))
```

இங்கே `test_size=0.2` என்பது நோயாளிகளில் 20 சதவீதம். படங்களின் விகிதம் சற்று முன்பின் இருக்கும்.

ஆனால் 95க்கும் 70க்கும் இடையிலான முழு இறக்கத்தையும் இதன் தலையில் கட்டிவிட முடியாது. வேறு கருவி, வேறு வயதுக்காரர்கள், வேறு நோய் விகிதம் ஆகியவையும் மதிப்பெண்ணை இறக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. உங்கள் சொந்தத் தரவையே நோயாளிவாரியாகப் பிரித்து, முதலிலிருந்து மறுபடி பயிற்சி கொடுங்கள். டெஸ்ட் 82க்கு வந்தால், 95இலிருந்து 82 வரை கசிவின் பங்கு. 82இலிருந்து 70 வரை மருத்துவமனை மாறியதன் பங்கு. முன்னதை மேலே தந்த மூன்று வரிகள் சரிசெய்யும். பின்னதற்குப் பல மருத்துவமனைகளின் படங்கள் வேண்டும்.

நோயாளி என்ற இடத்தில் வாடிக்கையாளர், பேச்சாளர், ஒரே காணொளியின் ஃபிரேம்கள் என்று எதை வைத்தாலும் கதை இதுதான். காலவரிசைத் தரவென்றால் கலைக்கவே கூடாது. பழையதில் பயிற்சி, புதியதில் டெஸ்ட்.

கேள்வி: டெஸ்ட் செட்டில் 200 விதமான அமைப்புகளை முயன்று சிறந்ததைத் தேர்ந்தெடுத்தேன். தவறா?

தவறு. ஒன்றுமே படிக்காத 200 பேருக்கு ஆம்/இல்லை கேள்விகள் நூறு கொடுத்தால், ஆளுக்குச் சராசரியாக 50 கிடைக்கும். ஆனால் முதலிடம் பிடிப்பவர் 63, 64 வாங்கியிருப்பார். அவரை அழைத்து அடுத்த தேர்வு வைத்தால் மறுபடி 50தான். உங்கள் சிறந்த அமைப்பின் மதிப்பெண்ணிலும் இப்படியொரு அதிர்ஷ்டப் பங்கு கலந்திருக்கிறது. தேர்ந்தெடுக்க வேலிடேஷன் செட்; டெஸ்ட் செட்டைப் பூட்டிவைத்துக் கடைசியில் ஒருமுறை திறங்கள். இதையும் பலமுறை எழுதிவிட்டேன்.

கேள்வி: தரவை அதிகமாக்கினால் ஓவர்ஃபிட்டிங் போய்விடுமா?

புதுவகைக் கேள்விகளாக இருந்தால் குறையும். இருக்கும் வரிசைகளையே நகலெடுத்துப் பெருக்கினால் மனப்பாடம்தான் இன்னும் கெட்டிப்படும். நகலெடுத்த பிறகு பிரித்தீர்கள் என்றால், மேலே சொன்ன கசிவும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: நியூரல் நெட்வொர்க் உண்மையிலேயே மனப்பாடம் செய்யுமா, அல்லது அது வெறும் பேச்சா?

உண்மையிலேயே செய்யும். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், CIFAR-10 தொகுப்பின் 50,000 பயிற்சிப் படங்களுக்கும் லேபிள்களைக் கண்டபடி மாற்றி ஒட்டினார்கள். படத்துக்கும் பெயருக்கும் தொடர்பே கிடையாது. அப்படியும் பயிற்சிப் பிழை பூஜ்யம் ஆனது. டெஸ்டில் பத்துக்கு ஒன்று, அதாவது குருட்டு ஊகம். உங்கள் மாடலிலும் செய்து பாருங்கள், லேபிள்களைக் கலைக்க ஒரு வரி போதும். அப்போதும் பயிற்சி மதிப்பெண் 100ஐ நெருங்கினால், அந்த எண்ணை இனி அறிக்கையில் எழுதாதீர்கள்.

கேள்வி: பயிற்சியில் 62, டெஸ்டில் 61. ஓவர்ஃபிட்டிங்கா?

இல்லை. இவன் மனப்பாடம்கூடச் செய்யவில்லை. மாடலைப் பெரிதாக்குங்கள், அல்லது நல்ல அம்சங்களைச் சேருங்கள்.