ஆஸ்பத்திரி காரிடார்: தரையில் விளக்கு எங்கே விழ வேண்டும்?

குறும்படம் எடுப்பவர், வளசரவாக்கம்: அக்கா, AI-ல ஆஸ்பத்திரி காரிடார் படம் ஒண்ணு வேணும். நீளமா, மேல லைட் வரிசையா, தரை பளபளன்னு. பத்து பன்னிரண்டு தடவை ஓட்டிட்டேன். மேலே பரவாயில்லை, தரையில விழற லைட் மட்டும் பாம்பு மாதிரி நெளியுது. `wet floor, mirror reflection, cinematic` எல்லாம் பிராம்ப்ட்ல போட்டிருக்கேன்.

தம்பி, நெளிய வைப்பது அந்த `wet floor`தான். ஈரத் தரை என்றதும் மாடலுக்கு நினைவு வருவது மழை பெய்த சாலை. அந்தப் படங்களில் விளக்கு நெளிந்துதான் தெரியும், ஏனென்றால் அங்கே பரப்பில் தண்ணீர் இருக்கிறது. ஆஸ்பத்திரித் தரை ஈரமாகத் தெரிவது மெழுகினாலும் பாலிஷினாலும். அதனால் காய்ந்த தரை என்றே கேளுங்கள்.

டைல்ஸ் என்றும் எழுதாதீர்கள். நிஜத்திலேயே ஒவ்வொரு டைலும் ஒரு மயிரிழை சாய்ந்துதான் பதிந்திருக்கும். அதனால் இணைப்புக்கு இணைப்பு பிம்பம் வெட்டி வெட்டி நிற்கும். மாடலும் அதைக் கற்றிருக்கிறது. இணைப்பில்லாத வினைல் ஷீட் என்றால் அந்த வெட்டு வராது. `mirror` போட்டால் தரையே காணாமல் போய், கீழே இன்னொரு காரிடார் தலைகீழாகத் தொங்கும்.

`cinematic` என்ற சொல் காரிடாரின் கடைசியை இருட்டாக்கிவிடும். பால் நிற மூடி போட்ட பேனல் லைட் தூரத்தில் சிறிதாகத் தெரியும், ஆனால் மங்கலாகத் தெரியாது. பத்தாவது பேனலும் முதல் பேனல் அளவுக்கு வெள்ளையாக இருந்தால்தான் வெளிச்சம் சீராக இருக்கிறது என்று கண் நம்பும். நான் தொடங்குவது இப்படி:

```
hospital corridor, one-point perspective,
level centered camera, two rows of identical
flush ceiling panels, bright even lighting,
dry seamless satin vinyl floor,
soft vertical reflections, empty
```

இதில் `level` என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கேமரா குனிந்தாலும் நிமிர்ந்தாலும் சுவரின் செங்குத்துக் கோடுகள் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். அப்போது பிம்பமும் சாய்ந்துதான் விழும்.

ஆர்க்கிடெக்சர் மாணவி: மேடம், மேலே எத்தனை லைட் இருக்கோ அத்தனையும் கீழே தெரியணும்தானே? நான் கூரையை அப்படியே ஃபிளிப் பண்ணி, தரையில ஒட்டி, ஒபாசிட்டி குறைச்சேன். கோடெல்லாம் நேரா இருக்கு. ஆனா ஏதோ இடிக்குது, என்னன்னு சொல்லத் தெரியல.

உங்கள் கண் சரியாகத்தான் சொல்கிறது. பாதி வேலை சரி: பிம்பத்தின் கோடுகளும் கூரைக் கோடுகளும் ஒரே வேனிஷிங் பாயின்டில், அதாவது தூரத்தில் கோடுகள் போய்ச் சேரும் ஒரே புள்ளியில்தான் முடிய வேண்டும். ஒவ்வொரு லைட்டும் அதன் பிம்பமும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். ஃபிளிப் செய்தால் இரண்டும் தானாக வந்துவிடும். தப்பு, பிம்பம் எவ்வளவு கீழே விழுகிறது என்பதில்.

தரைக்கு அடியில் இன்னொரு காரிடார் தலைகீழாக இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கூரை 2.7 மீட்டர், கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் என்று வைப்போம். கேமராவிலிருந்து கூரை 1.2 மீட்டர் மேலே. அடியில் இருக்கும் பொய்க் கூரை தரையிலிருந்து 2.7 மீட்டர் கீழே, அதாவது கேமராவிலிருந்து 4.2 மீட்டர் கீழே. 4.2-ஐ 1.2-ஆல் வகுத்தால் 3.5. ஒரு லைட் தொடுவானத்துக்கு, அதாவது கேமராவின் கண்மட்டக் கோட்டுக்கு, மேலே எவ்வளவு தள்ளித் தெரிகிறதோ, அதன் பிம்பம் தொடுவானத்துக்குக் கீழே அதைப்போல மூன்றரை மடங்கு தள்ளி விழ வேண்டும்.

இதைப் பிக்சலில் பார்ப்போம். 1024-க்கு 1024 சதுரப் படம், நடுவில் தொடுவானம், 36 மில்லிமீட்டர் சென்சாரில் 36 மில்லிமீட்டர் லென்ஸ். லைட் 3 மீட்டருக்கு ஒன்று. 3 மீட்டரில் உள்ளது நடுவிலிருந்து சுமார் 410 பிக்சல் மேலே, 6 மீட்டரில் உள்ளது 205, 9-இல் 137, 12-இல் 102. இனி கீழே பாருங்கள். 9 மீட்டர் லைட்டின் பிம்பம் 478 பிக்சல் கீழே, கிட்டத்தட்ட படத்தின் அடி விளிம்பில். 12-இன் பிம்பம் 358. முதல் இரண்டு லைட்டின் பிம்பம் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. படத்தில் அவை தெரியவே கூடாது.

ஆக, மேலே இருப்பதைவிடக் கீழே எண்ணிக்கை குறைவாகவும் இடைவெளி அகலமாகவும் இருக்க வேண்டும். உங்கள் ஃபிளிப்பில் 9 மீட்டர் லைட் 137 பிக்சலிலேயே நிற்கிறது. இடிப்பது அதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனை விரிவாக்கத்துக்கு நான் இதையே செய்து அனுப்பினேன். சைட் இன்ஜினியர் படத்தைப் பார்த்து முதலில் கேட்டது, "கேமராவைத் தரையில வெச்சு எடுத்தீங்களா மேடம்?" அவர் சொன்னது கணக்குப்படியே சரி. கேமரா தரையோடு தரையாக இருந்தால்தான் மேலும் கீழும் சமமாக வரும். 0.3 மீட்டர் உயரத்தில் வைத்தால் விகிதம் 1.25 ஆகிவிடும். அதனால் உங்களுக்கு அந்தச் சமச்சீர் அழகுதான் வேண்டும் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள், `low camera near floor` என்று. ஆனால் அப்போது தரையும் சுருங்கித் தெரிய வேண்டும். நின்றபடி பார்க்கும் தரையையும் படுத்தபடி பார்க்கும் பிம்பத்தையும் ஒரே படத்தில் கலந்தால் உங்களுக்கு வந்த அதே உறுத்தல் வரும்.

விளம்பரக் கம்பெனியில் வேலை பார்ப்பவர், நுங்கம்பாக்கம்: இவ்வளவு கணக்கு எதுக்குங்க? வேண்டாததைச் சொல்ற நெகட்டிவ் பிராம்ப்ட்ல `fisheye, distorted, curved lines` போட்டாலே கோடு நேராயிடுது. எனக்கு எப்பவும் வேலை செய்யுது.

சுவர் பீப்பாய் மாதிரி உப்புவது அதில் குறையும், அதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கோடு வளைவது ஒரு குறை, கோடு நேராகவே இருந்து தவறான புள்ளிக்கு ஓடுவது வேறு குறை. இரண்டாவது நெகட்டிவில் தீராது. மாடலுக்குள் ஒரே கேமரா என்று ஒன்று இல்லை. கூரை கூரையைப் போல, தரை தரையைப் போலத் தெரிந்தால் அதற்குப் போதும். இரண்டும் ஒரே புள்ளியில் சேர்கின்றனவா என்று அது அளந்து பார்ப்பதில்லை. 2022-இல் படத் தடயவியல் ஆராய்ச்சியாளர் ஹானி ஃபரீத் DALL·E 2 படங்களை இதே வழியில் சோதித்தார். பார்வைக்குச் சரியாக இருந்த படங்களிலேயே வேனிஷிங் பாயின்ட், நிழல், பிம்பம் மூன்றிலும் முரண் இருந்தது.

இன்னொன்று, Flux மாதிரியான மாடல்களில் வழக்கமான அமைப்பில் நெகட்டிவ் பிராம்ப்ட்டே கிடையாது. அங்கே `no curved lines` என்று மேலேயே எழுதினால் வளைவைத்தான் நினைவூட்டுகிறீர்கள்.

கல்யாண போட்டோகிராபர்: நானும் ஒரு ஆஸ்பத்திரில காரிடார் எடுத்தேன் மேடம், குழந்தை பிறந்த ஷூட். படம் முழுக்கக் குறுக்கால கறுப்புப் பட்டை பட்டையா விழுது. பிராம்ப்ட்ல என்ன மாத்தணும்?

உங்களுடையது நிஜக் கேமரா விஷயம், சார். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சில லைட்டுகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்துப் பாருங்கள்.

குறும்படம் எடுப்பவர், வளசரவாக்கம்: சரி அக்கா, பிராம்ப்ட் மட்டும் வெச்சு 3.5 மடங்கு எல்லாம் வராதுன்னு தெரியுது. நீங்க எப்படிப் பண்றீங்க?

3D மென்பொருளான Blender-இல் ஒரு பெட்டி கட்டுவேன். அகலம் 2.4, உயரம் 2.7, நீளம் 30 மீட்டர். ஒரு பேனல் லைட் செய்து 3 மீட்டர் இடைவெளியில் அடுக்குவேன். கேமரா 1.5 மீட்டரில், துளியும் சாயாமல். தரையின் சொரசொரப்பைச் சொல்லும் Roughness 0.15 அளவில். அதிலுள்ள Cycles-இல் ஒரு ரெண்டர், கூடவே எது எவ்வளவு தூரத்தில் என்று காட்டும் ஒரு டெப்த் மேப். கதவு, கைப்பிடி எதுவும் வேண்டாம். அரை மணி நேர வேலை.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். டெப்த் மேப்பை மட்டும், மாடலை ஒரு வடிவத்துக்குள் பிடித்து வைக்கும் ControlNet-இல் கொடுத்தால் சுவரும் கூரையும் அசையாமல் நிற்கும், ஆனால் பிம்பம் மறுபடியும் மாடலின் விருப்பம்தான். பிம்பத்துக்கு ஆழம் கிடையாது. டெப்த் மேப்பில் தரை வெறும் தட்டையான சரிவு. கோடு பிடிக்கும் MLSD கொடுத்தால் பிம்பத்தின் விளிம்பையும் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதையே தரை இணைப்பு என்று நினைத்துக் கறுப்புக் கோடு போட்டுவிடும்.

அதனால் ரெண்டரையே ஆரம்பப் படமாக img2img-இல் கொடுத்து, டெப்த்தையும் சேர்க்கிறேன். மாடல் எவ்வளவு மாற்றி வரையலாம் என்று சொல்லும் Denoise 0.5 பக்கம். என் வேலைகளில் 0.7 தாண்டினால் சுவர் நிற்கிறது, தரை நெளிய ஆரம்பிக்கிறது. 0.35-க்குக் கீழே போனால் ரெண்டர் வாடை போகாது.

தரையில் இன்னொன்றும் கவனியுங்கள். மெழுகிய தரையில் பிம்பம் பக்கவாட்டில் பரவாது, மேலும் கீழுமாகத்தான் இழுபடும். தூரத்தில் கண் சாய்வாகப் பார்ப்பதால் பிரகாசம் கூடும், காலடியில் மங்கும். காலடியிலும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் அதைத் திருப்பி அனுப்புவேன்.

ஆர்க்கிடெக்சர் மாணவி: சின்னதா இருக்கும்போது நேரா இருந்த கோடு, பெருசாக்கினதும் அங்கங்கே உடையுது மேடம்.

துண்டு துண்டாகப் பெரிதாக்கும் முறையில் ஒவ்வொரு துண்டும் தனியாக வரையப்படுகிறது. ஒரு துண்டுக்குப் பக்கத்துத் துண்டின் கோடு தெரியாது. அங்கே denoise-ஐ 0.2-க்குள் வையுங்கள், அல்லது வரையாத சாதாரண அப்ஸ்கேலர் போதும். வேனிஷிங் பாயின்ட் சுற்றிலும் வரும் குழப்பம் வேறு: அங்கே ஏழெட்டு லைட் சில பிக்சல்களுக்குள் நெருங்கிவிடும். 30 மீட்டரில் ஒரு கதவை வைத்து மூடிவிடுவது நல்ல தீர்வு.

ஸ்டாஃப் நர்ஸ், கீழ்ப்பாக்கம்: மேடம், தப்பா நினைக்காதீங்க, இவ்வளவு சுத்தமான காரிடார் நான் பார்த்ததே இல்லை. எங்க தரையில எப்பவும் ஸ்ட்ரெச்சர் சக்கரத் தடம் இருக்கும். நைட் டியூட்டில ஒண்ணு விட்டு ஒண்ணு லைட்தான் எரியும்.

இதைச் சொன்னதற்கு நன்றி சிஸ்டர். சக்கரத் தடம் பிம்பத்துக்கு உதவி. தடம் உள்ள இடத்தில் மெழுகு தேய்ந்து பிம்பம் மங்கும், அந்தத் தடமும் அதே வேனிஷிங் பாயின்டுக்கு ஓடும். அடுத்த ரெண்டரில் தரையின் நடுவே இரண்டு கோடு Roughness கூட்டிப் பார்க்கிறேன். தம்பி, இரவுக் காட்சி என்றால் ஒன்று விட்டு ஒன்று அணைத்து ஓட்டுங்கள். அணைந்த பேனலின் பிம்பம் தரையிலும் ஒளிரக் கூடாது, மாடல் அங்கே அடிக்கடி ஒன்றைச் சேர்த்துவிடும்.

விளம்பரக் கம்பெனியில் வேலை பார்ப்பவர், நுங்கம்பாக்கம்: கணக்கு சரிதான், ஒத்துக்கறேன். ஆனா `35mm lens`-னு எழுதினா மாடல் கேக்குதுன்னு நான் இன்னும் சொல்வேன்.

அதில் நமக்குள் ஒத்துப்போகவில்லை. நான் ஒரே seed-இல், அதாவது அதே தொடக்க எண்ணில், 24, 35, 50 மாற்றி ஓட்டியபோது படத்தின் தோரணை மாறியது, ஆனால் லைட் இடைவெளியை அளந்தால் எண்ணுக்கேற்ற ஒழுங்கு தெரியவில்லை. உங்கள் படங்களை seed-ஓடு அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் முதல் நான்கு லைட்டை அளந்து பார்க்கிறேன்.