ஏசியை நிறுத்தாமல் பில்லைக் குறைக்க முடியுமா?

கேள்வி: ஐயா, நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். நான், மனைவி, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள். போன கோடையில் கரண்ட் பில் 548 யூனிட். நாலு பேருக்கும் ஆளுக்கு 349 ரூபாய், 28 நாள் ரீசார்ஜ். வீட்டில் வைஃபை இருக்கிறது. ஓடிடி, ஏதேதோ ஆப் என்று அக்கவுண்டிலிருந்து சின்னச் சின்னதாகப் பணம் போய்க்கொண்டே இருக்கிறது. ஏசியை நிறுத்து, நெட்டை வெட்டு என்று சொல்லாமல் ஒரு வழி சொல்லுங்கள். அம்மாவுக்கு 74 வயது, அவர் வசதியில் கை வைக்க முடியாது.

பதில்: கரண்டிலிருந்து தொடங்குவோம். நீங்கள் எழுதியதிலேயே பெரிய பணம் அந்த 548-ல்தான் இருக்கிறது.

நம் மின்வாரியக் கணக்கில் 500 யூனிட் என்பது ஒரு சுவர். 2024 ஜூலையில் திருத்திய வீட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500-க்குள் நின்றால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு ரூ.2.35, அதற்கு மேல் 400 வரை ரூ.4.70, பிறகு 500 வரை ரூ.6.30. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் இரண்டு விஷயம் நடக்கிறது. 500-க்கு மேல் ஓடியதற்கு யூனிட் ரூ.8.40. அதோடு, ரூ.2.35-க்குக் கிடைத்த அந்த 100 யூனிட்டும் ரூ.4.70-க்கு மாறிவிடும். அதாவது சுவரைத் தாண்டிய உடனே 235 ரூபாய் தனியாக ஏறுகிறது. இது பலருக்கும் தெரிவதில்லை.

உங்கள் 548-க்கு பில் சுமார் 2,443 ரூபாய் வந்திருக்கும். அதே கோடையில் 498-ல் நின்றிருந்தால் 1,792. ஐம்பது யூனிட்டுக்கு 650 ரூபாய், யூனிட்டுக்கு 13 ரூபாய்! ஒரு நாளைக்கு ஒரு யூனிட் கூட இல்லை, அதற்குள் இவ்வளவு. ஆகவே ஏசியோடு சண்டை போட வேண்டாம், அந்த ஐம்பதை மட்டும் தேடினால் போதும்.

அது பெரும்பாலும் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்கிற புது வகை ஃபேன் அதே காற்றுக்கு 30 வாட் போல எடுக்கும். அம்மா அறை ஃபேனும் ஹால் ஃபேனும் கோடையில் 16 மணி நேரம் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபேனில் மிச்சம் 45 வாட், இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். இரண்டையும் மாற்றினால் 86. உங்கள் 548, 462 ஆகும். பில் 1,566 ரூபாய்க்கு இறங்கும். ஒரு பில்லில் 877 ரூபாய் மிச்சம்.

மழைக்காலத்தில் இந்த அளவு கிடைக்காது. நீங்கள் ஏற்கெனவே 500-க்குள் இருப்பீர்கள், அதனால் அதே ஃபேன்கள் பில்லுக்கு 400 ரூபாய் போலத்தான் மிச்சம் பிடிக்கும். ஃபேனை மெதுவாக வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் குறையும். ஃபேன் ஒன்று 3,000 ரூபாய் என்றால் போட்ட பணம் திரும்ப ஒன்றரை வருஷம் பிடிக்கும் என்றே கணக்கு வையுங்கள். மற்ற அறை ஃபேன்களை மாற்ற அவசரமே இல்லை. இரவில் மட்டும் ஓடுவதற்கு அந்தச் செலவு தகாது.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். இந்த ஃபேனைப் பழைய ரெகுலேட்டர் வழியாக ஓட்டக் கூடாது, எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அதை பைபாஸ் செய்துவிடுங்கள். பெரும்பாலானவை ரிமோட்டில் இயங்கும். இருட்டில் ரிமோட்டைத் தேடச் சொல்லி அம்மாவை வாட்டாதீர்கள். சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டாலே வேகம் மாறும் மாடல்கள் கிடைக்கின்றன, கடையில் அதைப் போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

இன்னொன்று, காசில்லாத வேலை. கணக்கெடுத்த அன்று மீட்டரை போனில் படம் எடுத்து வையுங்கள். முப்பதாவது நாள், நாற்பத்தைந்தாவது நாள் மறுபடி பாருங்கள். நாற்பத்தைந்தில் 380-ஐத் தாண்டியிருந்தால் 500 உடையப் போகிறது என்று அர்த்தம். மீதி இரண்டு வாரம் ஏசியை 24-லிருந்து 26-க்கு ஏற்றி, கூடவே ஃபேனைப் போட்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஒரு டிகிரிக்குச் சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. பில்லில் உள்ள தேதியையும் பாருங்கள். அறுபது நாளுக்குப் பதில் அறுபத்தைந்தாம் நாள் வந்து கணக்கெடுத்தால், உங்கள் வீட்டுக்கு நாற்பது யூனிட்டுக்கு மேல் கூடும். அதனால்தான் 500 தாண்டியது என்றால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், சும்மா கட்டிவிட்டு வராதீர்கள்.

ரீசார்ஜில் நாலு பேரையும் தொட வேண்டாம், அம்மாவுடையது மட்டும். 28 நாள் பேக் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று முறை. 349-ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் 4,537 ரூபாய். அம்மா வீட்டில் வைஃபையில் வீடியோ பார்க்கிறார், வெளியே போனால் போன் பேசுவார். தினசரி டேட்டா ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தொடாமலே காலாவதியாகிறது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. அதன்பின் வந்த, ஒரு வருஷத்தை ஒட்டி ஓடும் பேக்குகள் 2,000 ரூபாய்க்குள் இருக்கின்றன. ஆப்பில் முதல் பக்கத்தில் காட்ட மாட்டார்கள், கீழே தேட வேண்டும். கிடைக்காவிட்டால் கடையில் “வாய்ஸ் ஒன்லி” என்று கேளுங்கள். வங்கி ஓடிபி வழக்கம்போல வரும். வெளியூர் போனால் வாட்ஸ்அப் வராது, அதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடிக்கடி தனியாகப் பயணம் போகிறவர் என்றால் இந்த மாற்றம் வேண்டாம்.

கடைசியாக, அந்தச் சின்னச் சின்னத் தொகைகள். ஒரு ரூபாய் டிரையல் என்று தொடங்கி, மாதம் 199 பிடிக்கும் ஆப்கள்தான் பெரும்பாலும் குற்றவாளி. ஆப்பை அழித்துவிட்டோம், முடிந்தது என்று நினைப்போம். ஆப் போனாலும், வங்கியில் நாம் கொடுத்த அனுமதி அங்கேயே இருக்கும். நீங்களும் மனைவியும் மகளும் அவரவர் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, உயிரோடு இருக்கும் அனுமதிகளை எல்லாம் பாருங்கள். பிளே ஸ்டோரில் சப்ஸ்கிரிப்ஷன் பட்டியல் தனி, கார்டில் கொடுத்தது இன்னொரு தனி. முதலில் ஆப்பில் சந்தாவை ரத்து செய்து, பிறகு ஆட்டோபேயையும் ரத்து செய்யுங்கள். பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்களைத் துடைக்காமல் ஒரு மாதம் சேர்த்து வைத்தாலே மாதாமாதம் பிடிப்பவற்றின் பட்டியல் கைக்கு வரும்.

ஒரு எச்சரிக்கை. அதே பட்டியலில் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் எஸ்ஐபியும் இருக்கும். வேகத்தில் அதையும் தட்டிவிட்டு, பாலிசி காலாவதியான பிறகு ஓடி வருகிறவர்களை நான் பார்க்கிறேன். பெயர் புரியாத ஒன்றை ரத்து செய்யும் முன் தொகையையும் தேதியையும் பாஸ்புக்கோடு ஒத்துப் பாருங்கள்.

ஓடிடியில், உங்கள் பிராட்பேண்ட் பிளானோடு எதெல்லாம் சேர்ந்து வருகிறது என்று ஒருமுறை கேளுங்கள். அதையே தனியாகவும் கட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. பிராட்பேண்ட் வேகத்தைக் குறைக்க வேண்டாம். மகளுக்கு வகுப்பு, அம்மாவுக்குச் சீரியல், எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். வாடகை வீடு என்றால் வேண்டாம், ஆறு மாதத்துக்கு மேல் கட்டாதீர்கள்.