யூரிக் ஆசிட் இருந்தா முட்டையை நிறுத்தணுமா?

"டாக்டர், கோத்தகிரி பக்கம் எஸ்டேட்ல வேலை பார்க்கிறேன், வயசு 52. கால் பெருவிரல் ரெண்டு தடவை சிவந்து வீங்கிடுச்சு, யூரிக் ஆசிட் 8.4ன்னு ரிப்போர்ட். லேப்ல முட்டையை தொடவே கூடாதுன்னுட்டாங்க. இப்ப அதுக்கு பதிலா நெத்திலி கருவாடுதான். சரியா?"

தாராளமா முட்டை சாப்பிடுங்க, கருவாட்டைத்தான் நிறுத்தணும். யூரிக் ஆசிட் உண்டாகறது பியூரின்ங்கற பொருள்ல இருந்து, அது செல்லுக்குள்ள இருக்கு. ஈரல்லயும் நெத்திலி, மத்தி மீன்லயும் செல்லு நெருக்கமா இருக்கறதால பியூரின் குவிஞ்சு கிடக்கும், முட்டையில ரொம்ப ரொம்ப கம்மி. நெத்திலியை காயவெச்சா தண்ணி போய் கருவாட்டுல 100 கிராமுக்கு பல நூறு மில்லிகிராம் நிக்குது. ஆட்டுக்கால் சூப்பும் அப்படித்தான், பியூரின் கொதிக்கற தண்ணியிலயே இறங்கிடும். குளிருக்குன்னு ராத்திரி கட்டிங் போடற பழக்கம் இருந்தா அதையும் விடுங்க, பீர் இன்னும் மோசம்.

"அசைவம் கூடாது"ன்னு ஒரே ஜெராக்ஸ் பேப்பரை எல்லாருக்கும் குடுத்து அனுப்பறாங்க, மலையில இருந்து பஸ் புடிச்சு வந்தவருக்கு ரெண்டு நிமிஷம் உக்காந்து சொல்ல யாருக்கும் நேரமில்ல. கடைசில நல்ல புரோட்டீனை விட்டுட்டு கெட்டதை தின்னுட்டு இருக்கீங்க.

ஒரே ஒரு விஷயம், கிட்னிக்கான கிரியாட்டினின் டெஸ்ட் பாத்தீங்களா? பாக்கலைன்னா பாருங்க. கிட்னி பழுதானவங்களுக்கு மொத்த புரோட்டீனுக்கே அளவு உண்டு, முட்டையும் அந்த கணக்குல வரும், பருப்பும் வரும், கோழியும் வரும். இது யூரிக் ஆசிட்டுக்காக இல்ல, கிட்னிக்காக, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. கிட்னி நல்லா இருந்தா தினமும் ஒண்ணோ ரெண்டோ அவிச்ச முட்டை பிரச்னையே இல்ல.

அடுத்து, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டு, "யூரிக் ஆசிட் கரைக்கற பொடி"ன்னு ஒரு டப்பாவும் நீட்டுவாங்க பாருங்க, அதை வாங்காதீங்க. இந்த மாதிரி மூட்டுவலி பொடிகள்ல ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கு. ஒரே நாள்ல வலி பறந்துடும், அதுதான் சந்தேகப்படவேண்டிய அடையாளம், கொஞ்ச நாள்ல முகம் ஊதும், சுகர் ஏறும், யூரிக் ஆசிட் மட்டும் அப்படியே இருக்கும்.

பத்தியத்தால குறையறது பெரும்பாலும் ஒரு பாயிண்ட் அளவுதான், ஏன்னா பெரும்பகுதியை உடம்பே உண்டாக்குது, கிட்னி வெளியேத்த திணறுது. 8.4ஐ 6க்கு கீழ கொண்டுவர அலோபியூரினால் மாதிரி மாத்திரை தேவைப்படலாம், அதை டாக்டர் கம்மி டோஸ்ல ஆரம்பிச்சு மெல்ல ஏத்துவார். மாத்திரை ஆரம்பிச்ச புதுசுல வீக்கம் திரும்ப வரலாம், அதுக்காக நிறுத்திடாதீங்க. ஆனா தோல்ல தடிப்பு கிளம்பினா அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க.