பின்னாலேயே வருகிறாரா, அதே வழியில் வருகிறாரா?

கேள்வி: மதுரையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். நான் போகும் நூலகம், பஸ் ஸ்டாப், டீக்கடை என்று எங்கே போனாலும் ஒருவர் அங்கே இருக்கிறார். பார்ப்பார், சிரிப்பார், ஒன்றிரண்டு தடவை பேச வந்தார். தப்பாக எதுவும் நடந்துகொண்டதில்லை. இது சாதாரண விருப்பமா, இல்லை பின்தொடர்வதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவிலும் இருக்கிறேன். எங்களிடம் வரும் பெண்கள் பெரும்பாலும் உங்களைப் போலத்தான் ஆரம்பிப்பார்கள்: "அவன் ஒண்ணுமே பண்ணல மேடம், ஆனா பயமா இருக்கு."

எத்தனை தடவை கண்ணில் படுகிறார் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்துக்கும், நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் குரூப் 2, குரூப் 4 படிக்க வருகிறவர்களைப் பாருங்கள். தினமும் அதே நேரம், அதே நாற்காலி, அதே டீக்கடை, அதே பஸ். அங்கே ஒரே முகத்தை மாதக்கணக்கில் பார்ப்பது சாதாரணம். உங்களைப் பிடித்திருப்பதால் ஒருவர் எதிர் மேசையைத் தேடி உட்காரவும் செய்யலாம். அதுவரைக்கும் அது அவருடைய விருப்பம்தான், குற்றமில்லை.

பார்க்க வேண்டியது வேறு. நீங்கள் இடத்தையோ நேரத்தையோ மாற்றினால் அவரும் கூடவே மாறுகிறாரா? வேண்டாம் என்று சொன்ன பிறகு என்ன செய்கிறார்? என் அனுபவத்தில் இந்த இரண்டிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

எங்களிடம் வந்த ஒரு மாணவியின் விஷயத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எம்.எஸ்சி. படித்துக்கொண்டே சாயங்காலம் ஒரு நூலகத்துக்குப் போய் வந்தாள். அங்கே வரும் ஒருவர், வெளியாள், எங்கள் கல்லூரி இல்லை. முதலில் எதிர் மேசை, அப்புறம் பஸ் ஸ்டாப், அப்புறம் அவள் ஏறும் பஸ். அவளுக்கே சந்தேகம், நாமாகக் கற்பனை செய்கிறோமோ என்று.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொன்னோம். சாயங்காலத்துக்குப் பதில் சனி, ஞாயிறு காலையில் போக வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது. முக்கியமாக, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடக் கூடாது. நூலக மேசை, காபி டம்ளர் என்று அவள் ஸ்டேட்டஸ் வைப்பது வழக்கம். பொதுவான தோழி மூலமாக அது யார் கைக்கும் போகும். முதல் வாரம் அவர் வரவில்லை. அடுத்த வாரம் காலையிலேயே வாசலில் நின்றார். கூடவே, "டைம் மாத்திட்டீங்க போல" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் முக்கியம். தற்செயலாக வருகிறவருக்கு உங்கள் அட்டவணை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிறகு அவள் பஸ் ரூட்டை மாற்றினாள், சில நாளில் அங்கும் வந்துவிட்டார்.

இந்தச் சோதனையை இருட்டிய பிறகோ ஆள் நடமாட்டம் இல்லாத தெரு வழியாகவோ செய்யாதீர்கள். "வருகிறானா பார்ப்போம்" என்று அவரை இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். கூட்டம் இருக்கும் இடத்தில், பகலில், நேரத்தை மட்டும் மாற்றினால் போதும்.

சரி, பின்னால்தான் வருகிறார் என்று தெரிந்துவிட்டது. அப்போதும் ஒன்று பாக்கி இருக்கிறது: அவரிடம் வேண்டாம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? நம் பெண்கள் இந்த இடத்தில்தான் சுற்றி வளைப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, பளிச்சென்று சொன்னால் திமிர் என்று பேசும் ஊர் இது. ஆனால் சுற்றிச் சொல்வது எதிரில் எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள். "இப்ப படிப்புதான் முக்கியம்" என்றால், பரீட்சை முடியும்வரை காத்திருப்பார். "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்றால், அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்து நிற்பார். "எனக்கு ஆள் இருக்கு" என்றால், அந்த ஆள் யார் என்று தேடுவார். "அண்ணா" என்று கூப்பிட்டுவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதற்குச் சிரித்துவிட்டு அடுத்த நாளும் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காரணம் சொல்லாதீர்கள், காரணம் சொன்னால் பேரம் ஆரம்பிக்கும். அந்த மாணவி அனுப்பியது இவ்வளவுதான்: "நீங்க என்கிட்ட பேச வர்றதில எனக்கு விருப்பம் இல்லை. இனிமே என் பின்னாடி வராதீங்க, மெசேஜ் பண்ணாதீங்க." வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் தேதியும் நேரமும் பதிவாகிவிட்டன. அவர் நம்பர் உங்களிடம் இல்லையென்றால், நூலக ஊழியரோ தோழியோ பக்கத்தில் இருக்கும்போது நேரில் சொல்லலாம். ஆனால் அவர் மிரட்டியிருந்தாலோ, வீடு வரை வந்திருந்தாலோ, உங்களுக்குள் பயம் இருந்தாலோ இந்தப் படியைத் தாண்டி நேராகப் புகாருக்குப் போங்கள். துணிச்சல் காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

விருப்பம் மட்டும் இருந்தவர் இதற்கு அப்புறம் விலகிவிடுவார். வெட்கப்படுவார், ஒரு தடவை "சாரி" சொல்வார், மேசையை மாற்றிக்கொள்வார், சிலர் நூலகத்தையே மாற்றிக்கொள்வார்கள். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாலும் பரவாயில்லை, அதில் உங்களுக்கு ஆபத்தில்லை.

மற்றவர் பேச ஆரம்பிப்பார். "ஃப்ரெண்டாவாவது இருப்போம்." "ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பேசணும், அதுக்கப்புறம் வர மாட்டேன்." நண்பர்களைத் தூது அனுப்புவார். அந்த மாணவிக்கு வாட்ச்மேன் கையில் ஒரு பார்சல் வந்தது, அப்புறம் வரிசையாக மன்னிப்பு மெசேஜ்கள். மன்னிப்பு கேட்கிறாரே, பாவம் என்று அவளுடைய தோழிகளே சொன்னார்கள். வேண்டாம் என்று சொன்ன பிறகு வரும் மூன்றாவது மன்னிப்பும் தொல்லைதான். நாயகி ஒத்துக்கொள்ளும்வரை பின்னாலேயே சுற்றும் நாயகனைத் திரையில் பார்த்துக் கைதட்டியே வளர்ந்துவிட்டோம், அதனால் இதெல்லாம் உருக்கமாகத் தெரிகிறது.

இந்தக் கட்டத்தில் பதிலே அனுப்பக் கூடாது, திட்டக்கூடக் கூடாது. இருபது மெசேஜுக்குச் சும்மா இருந்துவிட்டு இருபத்தொன்றாவதற்கு "ஏன் இப்படிப் பண்றீங்க" என்று கேட்டால், இருபத்தொன்று அனுப்பினால் பதில் வரும் என்று அவர் கற்றுக்கொள்வார். "செத்துப்போவேன்" என்று அனுப்பினால் நீங்கள் நேரில் ஓடாதீர்கள். அந்த மெசேஜை அவர் வீட்டாருக்கோ போலீஸுக்கோ தெரியப்படுத்தச் சொல்லி ஒரு பெரியவரிடம் கொடுங்கள்.

ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். "அடிக்கடி வருகிறான்" என்பதைவிட, செவ்வாய் காலை 9.40-க்கு கல்லூரி வாசலில் நின்றான் என்ற வரிக்கு ஸ்டேஷனில் மதிப்பு அதிகம். மெசேஜ்களை அழிக்காதீர்கள், நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அந்த போனையும் பத்திரமாக வையுங்கள். சிசிடிவி பதிவு கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும், அதனால் அந்த இடத்துப் பொறுப்பாளரிடம் சீக்கிரமே எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும்.

சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் போட்டிருக்கிறது. 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி என்று சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 78. தனக்கு விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும், ஓர் ஆண் அவளைப் பின்தொடர்ந்து, நெருங்கிப் பழக மறுபடி மறுபடி தொடர்புகொள்வதும், தொடர்புகொள்ள முயல்வதும் குற்றம். அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் அதில் அடங்கும். அந்த மத்தியச் சட்டப்படி முதல் தடவைக்கு 3 வருடம் வரை சிறை, ஆனால் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். மறுபடி செய்து தண்டனை பெற்றால் 5 வருடம் வரை, அதற்கு ஜாமீன் எளிதில்லை. முதல் தடவை பிடித்தாலும் அன்றைக்கே வெளியே வரலாம் என்பதை மனதில் வைத்து, புகார் கொடுத்த பிறகு சில வாரங்களுக்கு யார் கூட வருவார்கள் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் போக்சோ சட்டமும் பேசும், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம்.

எங்கள் மாணவி விஷயத்தில், அந்த ஆள் கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டதால் குழுவிடம் எழுதிக் கொடுத்தாள். வெளியாளை எங்களால் தண்டிக்க முடியாது. ஆனால் யுஜிசியின் 2015 விதிமுறைகள் வெளியாள் தரும் தொல்லையையும் கணக்கில் எடுக்கின்றன, போலீஸுக்குப் போக உதவுவது கல்லூரியின் வேலை. வேலை பார்க்கும் பெண்களுக்கு, பணியிடத்தில் நடக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் இருக்கிறது. கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் கடை என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம்.

வீட்டில் சொல்வதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். அண்ணனிடம் சொன்னால் ஆள் சேர்த்துக்கொண்டு அடிக்கப் போய்விடுவான். அப்படி நடந்தால் அடிவாங்கியவன் புகார்தாரர் ஆகிவிடுவான், இவள் வழக்கு பின்னால் போய்விடும். நல்லவேளை, அத்தையிடம் சொன்னாள். அத்தைதான் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட வந்தார். புகார் இரண்டு பிரதி, கூடவே நோட்டும் ஸ்கிரீன்ஷாட்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டு வந்தார்கள். பின்னால் வந்தவரையும் அவர் அப்பாவையும் போலீஸ் கூப்பிட்டு விசாரித்தார்கள். வழக்குப் பதிய வேண்டாம், இனி வரக் கூடாது, அவ்வளவுதான் என்பது இவள் முடிவு. அவர் எழுதிக் கொடுத்தார். சில மாதம் கழித்துப் புது நம்பரிலிருந்து "ஹாய்" வந்தது. பதில் போடாமல் அந்த சி.எஸ்.ஆர். எண்ணோடு ஸ்டேஷனில் கொடுத்தாள், அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடியும் என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், உங்கள் ஆள் இன்னும் முதல் கட்டத்தில்தான் இருக்கிறார். ஸ்டேட்டஸை நிறுத்திவிட்டு அடுத்த இரண்டு வாரம் வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள், நோட்டை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள். அவர் அங்கேயும் வந்தால் மேலே இருக்கும் அந்த இரண்டு வரியை அனுப்புங்கள். நடுவில் எப்போது பயம் வந்தாலும் மகளிர் உதவி எண் 181-க்கு அடிக்கலாம், அவசரம் என்றால் 112.