லெக்டினுக்குப் பயந்து பயறையும் கோதுமையையும் நிறுத்த வேண்டுமா? கேள்வி பதில்

கேள்வி: பயறு, கோதுமை, தக்காளி எல்லாவற்றிலும் லெக்டின் என்ற நஞ்சு இருக்கிறது, அது குடலை அரித்துவிடும் என்று ஒரு காணொலியில் பார்த்தேன் மேடம். உண்மையா, புரளியா?

பதில்: கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது. லெக்டின் ஒரே பொருள் இல்லை. செல்களின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைகளைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் பலவற்றுக்கும் பொதுவான பெயர். ஆமணக்கு விதையில் இருக்கும் ரைசினும் லெக்டின்தான், அது ஆளையே கொல்லும். தக்காளியிலும் ஒரு லெக்டின் உண்டு. 1985-ல் எலிகளில் சோதித்தபோது அது செரிக்காமல் குடல் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. ஆனால் கேடு எதுவும் செய்யவில்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுவிட்டு, முதலாவதின் குற்றத்தை இரண்டாவதின் தலையில் கட்டுவதுதான் அந்தக் காணொலிகளின் வேலை.

சாப்பாட்டுத் தட்டுக்கு வருபவற்றில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது ராஜ்மா. அதில் இருக்கும் லெக்டினை ஆய்வகத்தில் பிஎச்ஏ என்பார்கள். வேகாத சிவப்பு ராஜ்மா நாலைந்து போதும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான குமட்டலும் வாந்தியும் வரும், பின்னாலேயே பேதி. பெரும்பாலானவர்களுக்குச் சில மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். சிலருக்கு மருத்துவமனை வரை போகும்.

கேள்வி: நான் ஸ்லோ குக்கரில்தான் சமைப்பேன். ராத்திரி ஊறவைத்த ராஜ்மாவைக் காலையில் 'லோ'வில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வெண்ணெய் மாதிரி குழைந்திருந்தது. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் எனக்கும் கணவருக்கும் ஒரே வாந்தி. பயறு பழசாக இருந்திருக்குமோ?

பதில்: பயறு பழசாக இருந்திருக்கும் என்று தோன்றவில்லை. பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்லும் நேரக்கணக்கு பிஎச்ஏ-வுக்கு அப்படியே பொருந்துகிறது. ஸ்லோ குக்கரின் உள்ளே, அதுவும் 'லோ'வில், சூடு 75 டிகிரி செல்சியஸைத் தாண்டாமலே நின்றுவிடலாம். அந்தச் சூட்டில் பல மணி நேரம் இருந்தால் பயறு மெத்தென்று ஆகிவிடும், லெக்டின் அப்படியே இருக்கும். குழைந்திருக்கிறதே என்று நம்புவதுதான் இதில் ஆபத்து. நாக்கிலோ விரலிலோ இதைக் கண்டுபிடிக்க முடியாது.

சிவப்பணுக்களை எந்த அளவுக்குத் திரள வைக்கிறது என்று பார்த்துத்தான் இதை அளக்கிறார்கள். பச்சை சிவப்பு ராஜ்மாவில் 20,000 முதல் 70,000 அலகு வரை இருக்கும். நன்றாகக் கொதிக்க வைத்ததில் 200 முதல் 400 வரைதான். அரைகுறைச் சூட்டில் விட்டால் பச்சைப் பயறைவிடவும் நச்சுத்தன்மை கூடலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கிறது.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகு நேரத்தைக் கணக்கிடத் தொடங்குங்கள். கொதிநிலையில் பத்து நிமிடமே லெக்டினை அழித்துவிடும். ஆனால் பாத்திரம் முழுக்க அந்தச் சூடு எட்ட வேண்டும் என்பதால் எஃப்டிஏ 30 நிமிடம் சொல்கிறது. நானும் அதையே சொல்வேன். அப்புறம் தாராளமாக ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள். பிரஷர் குக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, அதில் சூடு 100-ஐத் தாண்டிவிடும்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? புரதம்தானே, சூடு பட்டாலே செயலிழந்துவிடும். வறுத்துப் பொடி பண்ணி வைத்துக்கொண்டால் போதாதா?

பதில்: புரதம், சூட்டில் செயலிழக்கும், இரண்டும் சரி. ஆனால் எந்தச் சூடு, எவ்வளவு நேரம், ஈரத்தோடா இல்லாமலா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2006 மே மாதம் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, வெள்ளை ராஜ்மாவைச் சுமார் மூன்று நிமிடம் வறுத்துப் பொடித்துச் சோற்றில் தூவிச் சாப்பிட்டால் எடை குறையும் என்று சொல்லிக் கொடுத்தது. பார்த்தவர்கள் அப்படியே செய்தார்கள். வாந்தியும் பேதியுமாக ஆயிரம் பேர் போலப் பாதிக்கப்பட்டார்கள், நூறு பேர் அளவில் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இத்தனைக்கும் வெள்ளை ராஜ்மாவில் இந்த லெக்டின் சிவப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். உலர்ந்த பயறின் வெளித்தோல் மணக்க மணக்கச் சிவக்கும்போதும் உள்ளே பச்சையாகவே இருக்கும்.

கேள்வி: நீங்கள் சொன்ன மாதிரியேதான் ஊறவைத்து வேகவைக்கிறேன். ஆனாலும் வயிறு உப்பிக்கொள்கிறது. அப்படியென்றால் லெக்டின் போகவில்லை என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. அது ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளின் வேலை. அவற்றை உடைக்கும் நொதி நமக்குக் கிடையாது, பெருங்குடல் பாக்டீரியா உடைக்கும்போது வாயு வருகிறது. தொல்லைதான், நஞ்சு இல்லை. அளவைக் குறைத்துத் தொடங்கிப் பாருங்கள்.

கேள்வி: நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். லிம்போசைட்டுகளைப் பெருக வைக்க நாங்கள் பிஎச்ஏ-தான் சேர்க்கிறோம். நோய் எதிர்ப்புச் செல்லை அது தூண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று? தவிர, நிலக்கடலை லெக்டின் சாப்பிட்டவர்களின் ரத்தத்திலேயே கிடைத்திருக்கிறது.

பதில்: இரண்டும் உண்மை. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் நோவெல் 1960-லேயே பிஎச்ஏ-வின் இந்தக் குணத்தைச் சொல்லிவிட்டார். ஆனால் நீங்கள் குப்பியில் விடுவது பிரித்தெடுத்த, சூடு படாத லெக்டின், அதையும் நேராகச் செல்லின் மேலேயே விடுகிறீர்கள். சமைத்த பயறு அந்த நிலையில் செல்லை வந்து சேர்வதில்லை. லெக்டின் இல்லா உணவுமுறைக்குக் காட்டப்படும் சான்றுகளில் பெரும்பகுதி இந்த வகைதான்: ஒன்று செல் வளர்ப்பு, அல்லது பச்சைப் பயறோ தூய லெக்டினோ ஊட்டப்பட்ட எலி.

நிலக்கடலை விஷயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 1998-ல் லான்செட் இதழில் வந்தது, அந்த லெக்டின் ரத்தத்தில் முழுசாகவே இருந்தது. அதனால் நோய் வருகிறதா என்பது அதிலிருந்து தெரியாது. அந்தக் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

கேள்வி: கோதுமை? அதன் லெக்டின் எந்தச் சூட்டுக்கும் அழியாது என்கிறார்களே.

பதில்: பிஎச்ஏ-வைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்பது சரி, அழியாது என்பது தவறு. அது கோதுமையின் முளைப்பகுதியில் இருக்கிறது, அதனால் மைதாவில் மிகக் குறைவு. வேகவைத்த பாஸ்தாவில் தேடியபோது செயல்படும் நிலையில் கிடைக்கவில்லை. முழுத்தானியம் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு இதயநோயும் இரண்டாம் வகை நீரிழிவும் குறைவாக இருப்பதைப் பெரிய தொடர் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. அதுவே காரணம் என்று அவை நிரூபிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோதுமை லெக்டின் சொல்லப்படும் அளவுக்குக் கொடியது என்றால் முடிவு எதிர்த்திசையில் அல்லவா வந்திருக்க வேண்டும்? சீலியாக் என்ற குடல் நோய் உள்ளவர்கள் கோதுமையைத் தவிர்த்தே ஆக வேண்டும். அது குளூட்டன் என்ற வேறொரு கோதுமைப் புரதத்தால், லெக்டினால் அல்ல.

கேள்வி: பயறு, தானியம் எல்லாம் நிறுத்தி மூன்று மாதமாகிறது. மூட்டுவலி பாதி குறைந்துவிட்டது. என் அனுபவம் பொய்யா?

பதில்: பொய் என்று யார் சொன்னது? வலி குறைந்தது உண்மை. எதனால் என்பதுதான் தெரியவில்லை. பிஸ்கட், பேக்கரிப் பண்டம், பாக்கெட் நொறுக்கு எல்லாமே அதே நாளில் நின்றிருக்கும், எடையும் இறங்கியிருக்கும். முழங்கால் வலிக்கு எடை குறைவதே பெரிய விஷயம். தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் நன்றாக வேகவைத்த ஒரே ஒரு பயறை மட்டும் இரண்டு வாரம் திரும்பச் சேர்த்துப் பாருங்கள், மற்றதை மாற்றாதீர்கள். வலி திரும்பினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்போதும் காரணம் லெக்டின்தான் என்று ஆகிவிடாது.

கேள்வி: டின்னில் வரும் ராஜ்மாவையும் அரை மணி நேரம் கொதிக்க வைக்கணுமா?

பதில்: வேண்டாம். டின்னை மூடிய பிறகு அழுத்தத்தில் வேகவைத்துத்தான் அனுப்புகிறார்கள். உப்புத் தண்ணீரை மட்டும் வடித்துவிடுங்கள்.