கேரி எங்கே போனது?

*வணக்கம். கணினி அமைப்பியல் பாடத்துக்காக 4 பிட் பெருக்கல் சுற்று ஒன்றை சிமுலேட்டரில் செய்தேன். 7×6, 5×3, 8×9 எல்லாம் சரியாக வந்தன. 13×11 போட்டால் 143க்குப் பதில் 111 வருகிறது. பெரிய எண்ணை M-இல் வைக்கவேண்டுமா, Q-வில் வைக்கவேண்டுமா? எது வேகம்? C என்பது தற்காலிக பிட்தான், அதைக் கண்டுகொள்ளவேண்டாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பேசாமல் பூத் முறைக்கே போய்விடலாமா?*

*இரண்டாம் ஆண்டு மாணவர்*

அன்புள்ள தம்பி,

விடை தப்பு என்று மட்டும் எழுதாமல் 111 என்று எண்ணையே எழுதினீர்களே, அதற்காகவே இந்தப் பதில். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் சுற்றைப் பார்க்காமலேயே கோளாறைச் சொல்லிவிடலாம். 143இல் 111 போனால் 32. இரண்டாம் சுற்றில் பிறந்த கேரியை நீங்கள் தொலைத்துவிட்டீர்கள்.

எப்படி என்று பாருங்கள். M-இல் 1101, Q-வில் 1011. Q-வின் கடைசி பிட் 1 என்றால் M-ஐ A-யோடு கூட்டிவிட்டு நகர்த்துகிறோம், 0 என்றால் நகர்த்த மட்டும் செய்கிறோம்; கூட்டலில் வரும் கேரி C-யில் நிற்கும். சரியாக நடந்தால் இப்படிப் போகும்:

```
              C  A     Q
தொடக்கம்      0  0000  1011
1  கூட்டு      0  1101  1011
   நகர்த்து    0  0110  1101
2  கூட்டு      1  0011  1101
   நகர்த்து    0  1001  1110
3  நகர்த்து    0  0100  1111
4  கூட்டு      1  0001  1111
   நகர்த்து    0  1000  1111
```

இரண்டாம் சுற்றில் 6உடன் 13ஐக் கூட்டுகிறோம். 19 வருகிறது. நான்கு பிட்டில் 19 அடங்காது. A-யில் 3 நிற்கும், மீதி 16 C-யில் இருக்கும். அடுத்து வலப்பக்கம் நகர்த்தும்போது அந்த C, A-யின் தலைமாட்டில் வந்து உட்காரவேண்டும். உங்கள் சுற்றில் அந்த இடத்தில் 0 நுழைகிறது. அதனால் A 1001 ஆவதற்குப் பதில் 0001 ஆகிறது. பிறகு நான்காம் சுற்றில் 0உடன் 13ஐக் கூட்டுவதால் அங்கே கேரியே பிறக்காது. கடைசியில் 0110 1111, அதாவது 111.

C-யைக் கண்டுகொள்ளவேண்டாம் என்று சொன்ன நண்பர்களிடம் இந்த அட்டவணையைக் காட்டுங்கள். C தற்காலிகம் என்றால் A-யும் தற்காலிகம்தான். கூட்டல் முடிந்த அந்தக் கணத்தில் கூட்டுத்தொகை என்பது C-யும் A-யும் சேர்ந்த ஐந்து பிட் எண். அதில் ஒரு பிட்டைத் தூக்கி எறிய யாருக்கும் உரிமை இல்லை. C, A, Q மூன்றையும் மூன்று பெட்டியாக வரைவதால் வரும் வினை இது. ஒன்பது பிட் நீளமுள்ள ஒரே பட்டையாக வரையுங்கள். நகர்த்தினால் பட்டை முழுவதும் ஒரே சமயத்தில் ஓரிடம் நகரவேண்டும், இடக்கோடியில் 0 நுழையவேண்டும்.

அந்த 0 நுழைவதும் முக்கியம். சிலர் C-யை A-க்குள் சரியாக அனுப்பிவிட்டு C-யை அழிக்க மறந்துவிடுவார்கள். மூன்றாம் சுற்றில் கூட்டல் இல்லாததால் பழைய 1 மறுபடி உள்ளே போகும். 143க்குப் பதில் 207 வரும். 64 அதிகம்.

32, 64 என்று வருவது தற்செயல் இல்லை. நான்கு பிட் பெருக்கலின் முதல் சுற்றில் கேரி பிறக்கவே பிறக்காது, ஏனென்றால் அப்போது A பூஜ்யம். இரண்டாம் சுற்றின் கேரிக்கு மதிப்பு 32, மூன்றாவதற்கு 64, நான்காவதற்கு 128. சரியான விடைக்கும் வந்த விடைக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதினால் எந்தெந்தச் சுற்றில் பறிகொடுத்தோம் என்று அதுவே சொல்லிவிடும். 15×15 போட்டுப் பாருங்கள். 225க்குப் பதில் உங்கள் சுற்று 1 என்று காட்டும். வித்தியாசம் 224, அதாவது 32, 64, 128 மூன்றும். இன்னொரு அடையாளமும் உண்டு: தொலைந்த கேரி கீழ்ப்பாதியைத் தொடவே தொடாது. Q சரியாக இருந்து A மட்டும் தப்பாக இருந்தால் முதலில் கேரியைச் சந்தேகியுங்கள்.

இப்போது திட்டவேண்டியதைத் திட்டிவிடுகிறேன். 7×6, 5×3, 8×9 மூன்றிலும் முதல் எண்ணை M-இல் வைத்தீர்கள் அல்லவா? எந்தச் சுற்றிலும் நகர்த்தி முடித்தபின் A-யில் இருப்பது M-ஐவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே M 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கூட்டுத்தொகை 15ஐத் தாண்டாது. C என்ற பிட்டே இல்லாத சுற்றும் அந்த மூன்றையும் சரியாகப் போடும். நீங்கள் செய்தது சோதனையே இல்லை, தம்பி. எட்டு பிட்டில் இந்த எல்லை 128. அங்கே போய் 13×11 போட்டு, 143 வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். M-இல் 200, Q-வில் 3 போடுங்கள்.

உங்கள் ஆய்வகத்தில் 8085 கிட் இருக்கும். பெருக்கல் என்றால் திரும்பத் திரும்பக் கூட்டும் நிரலைத்தான் பெரும்பாலும் எழுதவைக்கிறார்கள். 255 தடவை சுற்றுவதற்குப் பதில் இதை எழுதுங்கள். B மேல்பாதி, அதாவது நம் A; C என்ற ரெஜிஸ்டர் நம் Q, D நம் M. கேரி என்பது கொடி.

```
       MVI B,00
       MVI E,09
LOOP:  MOV A,C
       RAR
       MOV C,A
       DCR E
       JZ DONE
       MOV A,B
       JNC SKIP
       ADD D
SKIP:  RAR
       MOV B,A
       JMP LOOP
DONE:  HLT
```

ADD D தரும் கேரியை அடுத்த வரியிலேயே RAR உள்ளே இழுத்துக்கொள்கிறது. கூட்டாமல் JNC வழியாக வந்தால் கேரி ஏற்கெனவே 0, அதனால் தனியாக அழிக்கத் தேவையில்லை. நடுவில் வரும் DCR கேரியைத் தொடாது; MOV எந்தக் கொடியையும் தொடாது. இந்த இரண்டையும் நம்பித்தான் நிரல் நிற்கிறது. ADD-க்கும் RAR-க்கும் நடுவே ஒரு ORA A அல்லது ANI நுழைந்தால் கேரி அழிந்தது. RAR எழுதவேண்டிய இடத்தில் RRC எழுதுவது அதைவிட அதிகம் நடக்கும் தவறு: RRC கேரியை உள்ளே எடுக்காது, A-யின் கடைசி பிட்டையே தலைக்கு அனுப்பும்.

200×3க்கு ஹெக்ஸில் B-யில் 02, C-யில் 58 வரவேண்டும். B-யில் 00, C-யில் 58 என்று வந்தால் 512 காணோம். காரணம் உங்களுக்கே இப்போது தெரியும்.

E-யில் ஏன் 8 இல்லை, 9 என்று கேட்பீர்கள். கூட்டல் வாய்ப்பு எட்டுதான். ஆனால் முதல் பிட்டைக் கேரிக்குக் கொண்டுவர C ஒருமுறை முன்கூட்டியே நகர்கிறது, ஆகவே அது ஒன்பது தடவை நகரவேண்டும். முதல் RAR உள்ளே இழுக்கும் பழைய கேரி என்னவாக இருந்தாலும் ஒன்பதாவது RAR அதை வெளியே தள்ளிவிடும். 8 என்று எழுதினால் 13×11க்கு 286 வரும், அல்லது அந்தப் பழைய கேரி 1ஆக இருந்திருந்தால் 287.

பூத் முறை குறியுள்ள எண்களுக்கு. அங்கே நகர்த்தும்போது தலை பிட் தன்னையே நகல் எடுக்கும். அதை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் 13×11க்கு 223 கிடைக்கும், 13ஐ அது -3 என்று எடுத்துக்கொள்வதால். இதை முடித்துவிட்டு அங்கே போங்கள்.

வேகம் கேட்டிருந்தீர்கள். எந்த எண்ணை எங்கே வைத்தாலும் நான்கு சுற்றுதான். Q-வில் 1கள் குறைவாக இருந்தால் கூட்டல் மட்டும் குறையும். 13, 11 இரண்டிலுமே மூன்று 1கள். ஆனால் மாற்றி வைத்துப் பாருங்கள், M-இல் 11, Q-வில் 13. இப்போதிருக்கும் சுற்றே 111க்குப் பதில் 15 காட்டும். எந்தச் சுற்றின் கேரி போனது என்று கழித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.